குறைந்தபட்ச இருப்பை எண்ணும் நிரலும் அதற்கு எழுதிய இரண்டு குறிப்புகளும்

ஒரு வங்கியின் கணக்குகள் கோப்பில் வரிசையாக இருக்கின்றன; குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். சி ஆய்வகத்தில் பயின்ற தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள் பலருக்கும் இந்தப் பயிற்சி தெரிந்திருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் வந்த சி ஆய்வகப் பாடத்திட்டத்தில், வரிசைமுறைக் கோப்புகளுக்கான பயிற்சியாக இது இடம்பெற்றது. ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். மாணவர்கள் பெரும்பாலும் எழுதித் தரும் வடிவம் இப்படி இருக்கும்:

```c
#include <stdio.h>
int main(void) {
    FILE *f;
    int a, n = 0;
    float b;
    f = fopen("acc.txt", "r");
    while (!feof(f)) {
        fscanf(f, "%d %f", &a, &b);
        if (b < 1000)
            n++;
    }
    printf("%d\n", n);
    return 0;
}
```

இதைப் பக்கத்து இருக்கை மாணவரிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னால் வழக்கமாக வருவது இரண்டு வரிதான். "ரிட்டர்ன் வேல்யூ எதையும் செக் பண்ணல. வேரியபிள் பேரு புரியல." இரண்டும் உண்மை. ஆனால் எழுதியவர் அதைப் படித்ததும் செய்யக்கூடியது எதுவும் அந்த வரிகளில் இல்லை. எந்த மதிப்பு, எந்தப் பெயர், விட்டால் என்ன ஆகும் என்று அவை சொல்லவில்லை. அவர் கணினியில் நிரல் ஓடுகிறது, விடையும் சரியாக வருகிறது. ஆகவே கருத்தை ஒரு சம்பிரதாயமாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். இந்த இரண்டு குறைகளுக்கும் உள்ள எடை எவ்வளவு, அவை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது, ஒரு சக மாணவர் அவற்றை எப்படி எழுதினால் நிரல் திருந்தும் என்பதைத்தான் இங்கே ஆராய்கிறேன். இரண்டும் தனித்தனிக் குறைகள் அல்ல என்பது என் முடிவு. அதற்கான காரணம் இந்தப் பதினான்கு வரிகளுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் நிரலை ஓட்டிப் பார்ப்போம். கோப்பில் இந்த நான்கு பதிவுகள்:

```
101 5200.00
102 840.50
103 1500.00
104 610.00
```

ஆயிரத்துக்குக் கீழே இருப்பவை 102, 104 என்ற இரண்டு கணக்குகள். எழுதியவர் விண்டோஸ் நோட்பேடில் இதைத் தட்டச்சு செய்து, கடைசி வரிக்குப் பின் என்டர் தட்டாமல் சேமித்திருந்தால் விடை 2. சரியான விடை. அதே கோப்பை இன்னொருவர் லினக்ஸில் விம் எடிட்டரில் திறந்து சேமித்தால், அது கடைசி வரியின் முடிவில் ஒரு புதுவரிக் குறியைத் தானாகவே சேர்க்கும். இப்போது விடை 3. நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. கண்ணுக்குத் தெரிகிற தரவும் மாறவில்லை.

காரணம் இதுதான். `feof` என்பது கோப்பு முடியப்போகிறதா என்று முன்கூட்டிச் சொல்லும் ஃபங்ஷன் அல்ல. ஏற்கெனவே ஒரு வாசிப்பு கோப்பின் முடிவில் போய் முட்டிவிட்டதா என்பதை மட்டுமே அது சொல்லும். புதுவரிக் குறி இல்லாத கோப்பில் 610.00 என்பதை வாசிக்கும்போதே `fscanf` முடிவில் முட்டிவிடுகிறது, லூப் நிற்கிறது. புதுவரிக் குறி இருந்தால் 610.00 முடிந்ததும் அந்தக் குறியைக் கண்டு வாசிப்பு நின்றுவிடும். முடிவு இன்னும் தெரியாது. லூப் ஐந்தாவது முறையும் உள்ளே நுழைகிறது. இந்த முறை `fscanf` வாசிக்க எதுவும் இல்லாமல் `EOF` என்று திருப்பி அனுப்புகிறது. அதை யாரும் பார்க்கவில்லை. `b` என்ற மாறியில் பழைய 610 அப்படியே கிடக்கிறது. 610 ஆயிரத்துக்குக் கீழே, ஆகவே `n` இன்னொன்று கூடுகிறது. கணக்கு 104 இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. கடைசி இரண்டு வரிகளை இடம் மாற்றி, 1500 உள்ள கணக்கைக் கடைசியில் வைத்தால், புதுவரிக் குறி இருந்தாலும் விடை 2 என்றே வரும். ஐந்தாவது சுற்று அப்போதும் நடக்கிறது. 1500 ஆயிரத்துக்கு மேலே என்பதால் எண்ணிக்கை கூடவில்லை, அவ்வளவுதான். தரவின் வரிசையைப் பொறுத்து ஒளிந்துகொள்ளும் பிழை இது. ஆய்வகத்தில் ஒரே ஒரு சோதனைக் கோப்பை வைத்து "அவுட்புட் வந்துவிட்டது" என்று கையெழுத்து வாங்குவதில் உள்ள ஆபத்து இதுவே.

மற்ற மூன்று நிலைகளையும் பார்த்துவிடலாம். கோப்பு இல்லை, அல்லது பெயரில் ஒரு எழுத்து தவறு: `fopen` தரும் `NULL` நேராக `feof`-க்குள் போகிறது, லினக்ஸில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நிரல் சாகும். எந்தக் கோப்பு, என்ன கோளாறு என்று ஒரு சொல் வராது. கோப்பு காலி: `fscanf` எதையும் வாசிக்கவில்லை, `b`-க்கு யாரும் மதிப்பே கொடுக்கவில்லை, இருந்தும் அது ஆயிரத்தோடு ஒப்பிடப்படுகிறது. நினைவகத்தில் முன்பு என்ன கிடந்ததோ அதைப் பொறுத்து விடை 0 ஆகலாம், 1 ஆகலாம். மூன்றாவது நிலைதான் மோசமானது. யாரோ ஒருவர் 1500.00 என்பதை நம் வழக்கப்படி 1,500.00 என்று காற்புள்ளியோடு எழுதிவிட்டார். `%f` காற்புள்ளிக்கு முன் நின்று 1 என்று வாசிக்கிறது. 1 ஆயிரத்துக்குக் கீழே, எண்ணிக்கை கூடுகிறது. அடுத்த சுற்றில் `%d` காற்புள்ளியைப் பார்க்கிறது; அது எண் அல்ல, ஆகவே அதைத் தொடாமல் 0 என்று திருப்பி அனுப்புகிறது. காற்புள்ளி அங்கேயே இருக்கிறது. கோப்பு முடியவும் இல்லை. லூப் முடிவே இல்லாமல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் `n` கூடுகிறது. திரையில் எதுவும் வராது.

நான்கு நிலைகளிலும் அந்தந்த ஃபங்ஷன் உண்மையைச் சொல்லிவிட்டது. `fopen` திறக்க முடியவில்லை என்றது. `fscanf` எத்தனை மதிப்புகளை வாசித்தேன் என்று ஒவ்வொரு முறையும் எண்ணிச் சொன்னது. கேட்க ஆளில்லை. சி மொழியில் பிழையைத் தெரிவிக்கும் முதன்மை வழி திரும்பும் மதிப்புதான். ஜாவாவிலும் பைத்தானிலும் இருப்பதுபோல் எக்ஸெப்ஷன் எழுந்து நிரலை நிறுத்தாது. திரும்பும் மதிப்பைப் பார்க்காமல் விட்டால் நிரல் தவறான தரவோடு அடுத்த வரிக்குப் போய்விடும்.

மாணவர் நிரல் என்பதால் இப்படி என்று நினைக்க வேண்டாம். லினக்ஸின் கோப்பு முறைமைகளையும் சேமிப்புச் சாதனங்களுக்கான டிரைவர்களையும் ஆராய்ந்து 2008-இல் ஃபாஸ்ட் மாநாட்டில் வெளியான ஒரு கட்டுரை, பிழைக் குறியீடுகள் கடந்துவரும் 9,022 அழைப்புகளில் 1,153 அழைப்புகள் அந்தக் குறியீட்டைச் சரியாக வாங்கிவைக்கவில்லை என்று கண்டது. ஏறக்குறைய 13 விழுக்காடு. வட்டில் எழுத முடியவில்லை என்ற செய்தி கீழ் அடுக்கில் பிறந்து, மேலே வரும் வழியில் தொலைந்துபோகிறது.

அதன் விலை என்ன என்பதற்கு 2010-இன் ஆண்ட்ராய்டு நிகழ்வை நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன். கணினியோடு போனை இணைக்க உதவும் `adbd` என்ற பின்னணி நிரல் ரூட் அதிகாரத்தோடு தொடங்கி, பிறகு `setuid`-ஐ அழைத்துச் சாதாரணப் பயனராகத் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும். அந்த அழைப்பு வெற்றியா என்று அது பார்க்கவில்லை. ஒரு பயனருக்கு இத்தனை பிராசஸ்தான் என்ற வரம்பு உண்டு. தாக்குபவர் அந்தச் சாதாரணப் பயனரின் பெயரில் வரம்பு நிறையும்வரை பிராசஸ்களை உருவாக்கிவிட்டு, `adbd` மறுபடி தொடங்கும்படி செய்தார். வரம்பு நிறைந்திருந்ததால் `setuid` தோற்றது. நிரல் அதைக் கவனிக்காமல் ரூட் அதிகாரத்தோடேயே வேலையைத் தொடர்ந்தது. போனின் முழுக் கட்டுப்பாடும் கையில் வந்துவிட்டது. விட்டுப்போனது ஒரே ஒரு `if`.

அப்படியானால் எல்லாத் திரும்பும் மதிப்பையும் பார்க்க வேண்டுமா? இதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றிய ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-இல் வெளியிட்ட பத்து விதிகளில் ஏழாவது, மதிப்புத் திருப்பும் ஒவ்வொரு ஃபங்ஷனையும் அழைத்தவர் சோதிக்க வேண்டும் என்கிறது. வேண்டாம் என்று முடிவு செய்தால் `(void)` என்று முன்னால் எழுதி, தெரிந்தேதான் விட்டேன் என்று காட்ட வேண்டும். வாகனத் துறையில் பின்பற்றப்படும் மிஸ்ரா சி 2012-இன் 17.7-ஆம் விதியும் இதே திசையில் செல்கிறது. விண்கலத்துக்கும் காரின் பிரேக்குக்கும் இது சரி. ஆய்வக நிரலில் ஒவ்வொரு `printf`-க்கும் ஒரு `if` போடச் சொன்னால், படிக்கவேண்டிய நான்கு வரிகள் நாற்பது வரிக்குள் புதைந்துவிடும்.

`printf`-ஐப் பார்ப்பதால் பயனும் குறைவு என்பதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. லினக்ஸில் `/dev/full` என்று ஒரு சாதனக் கோப்பு உண்டு. அதில் எதை எழுதினாலும் இடமில்லை என்ற பிழைதான் வரும். நம் நிரலை `./a.out > /dev/full` என்று ஓட்டினால் விடை எங்கும் எழுதப்படாது. ஆனாலும் `echo $?` வெற்றி என்று பொருள்படும் 0-ஐக் காட்டும். `printf`-இன் திரும்பும் மதிப்பைச் சோதித்திருந்தாலும் அங்கே பிழை தெரிந்திருக்காது. எழுத்துகள் முதலில் பஃபரில்தான் சேர்கின்றன. உண்மையான எழுத்து நடப்பது பஃபர் காலியாகும்போது. ஆகவே பார்க்கவேண்டிய இடம் `fflush` அல்லது `fclose`. அடிக்கடி பயன்படும் லினக்ஸ் கட்டளைகள் அடங்கிய குனூ கோர்யூட்டில்ஸ் தொகுப்பு, நிரல் முடியும் தறுவாயில் ஸ்டேண்டர்டு அவுட்புட்டை மூடி, அந்த ஒரு இடத்தில் சோதிக்கிறது.

என் அளவில் நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் ஒன்றுதான். இந்த அழைப்பு தோற்றால் அடுத்த வரி தவறான தரவில் வேலை செய்யுமா, அல்லது எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதாமல் விடுமா? ஆம் என்றால் பார்த்தே ஆக வேண்டும். `fopen`, `scanf` வகையறா, `malloc`, எழுதிய கோப்பின் `fclose` ஆகியவை அதில் வரும். திரைக்கு ஒரு வரி அச்சிடும் `printf` வராது. படிப்பதற்காக மட்டும் திறந்த கோப்பின் `fclose`-உம் வராது. `malloc` பற்றி ஒரு வாதம் மாணவர்களிடையே உண்டு: லினக்ஸில் அது தோற்பதே இல்லையே, ஏன் பார்க்க வேண்டும்? இயங்குதளம் கையில் உள்ளதைவிட அதிகமாக நினைவகத்தைத் தருவதாக ஒப்புக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் `ulimit -v` என்று வரம்பு வைத்துவிட்டு ஓட்டினால் அதே லினக்ஸில் `NULL` வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இதையெல்லாம் கம்பைலரே சொல்லாதா என்று கேட்கலாம். பாதி சொல்லும். உபுண்டுவில் `gcc -Wall` என்று மட்டும் கொடுத்தால் மேலே உள்ள நிரல் அமைதியாகக் கம்பைல் ஆகிவிடும். `-O2` சேர்த்தால் `fscanf`-இன் திரும்பும் மதிப்பைப் புறக்கணிக்கிறாய் என்ற எச்சரிக்கை வரும். ஏனென்றால் அந்த எச்சரிக்கைக்கான அடையாளம் குனூ சி நூலகத்தில் ஆப்டிமைசேஷனோடு சேர்ந்தே இயங்குகிறது. ஆய்வகத்தில் யாரும் `-O2` போடுவதில்லை. `fopen` விஷயத்தில் அதுவும் உதவாது. திரும்பிய மதிப்பு `f` என்ற மாறியில் வாங்கிவைக்கப்பட்டுவிட்டது. கம்பைலருக்கு அது போதும். வாங்கி வைத்ததை யாராவது பார்த்தார்களா என்று அந்த எச்சரிக்கை கேட்காது. அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு மனிதர் வேண்டும்.

இனி பெயர்கள். இங்கேதான் சக மாணவர் கருத்துகள் அதிகம் தடம் புரள்கின்றன. ஓரெழுத்துப் பெயரைக் கண்டாலே தவறு என்று எழுதிவிடுகிறார்கள். லினக்ஸ் கெர்னலின் நடைக் கையேடு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. சிறிய லூப்பின் எண்ணிக்கைக்கு `i` போதும், அதை நீட்டி எழுதுவது வீண். நிரல் முழுவதும் புழங்கும் பெயர்தான் விளக்கமாக இருக்க வேண்டும். பெயரின் வாழ்நாள் எத்தனை வரி என்பதைப் பார்த்து நீளத்தை முடிவு செய்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2017-இல் வெளியான ஒரு சோதனையில் 72 தொழில்முறை சி ஷார்ப் நிரலாளர்களிடம் பிழையுள்ள துண்டு நிரல்கள் கொடுக்கப்பட்டன. முழுச் சொற்களைப் பெயராகக் கொண்டவற்றில், ஓரெழுத்துப் பெயர்களோ சுருக்கங்களோ கொண்டவற்றைவிடச் சராசரியாக 19 விழுக்காடு வேகமாகப் பிழையைப் பிடித்தார்கள். 2006-இல் லாரியும் அவருடைய குழுவினரும் செய்த முந்தைய ஆய்விலும் முழுச் சொற்களே முன்னே நின்றன. ஆனால் நன்கு தெரிந்த சுருக்கங்கள் பல இடங்களில் அவற்றுக்கு ஏறக்குறைய ஈடுகொடுத்தன. ஆகவே `bal` என்றிருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். `b` என்பதற்குச் சொல்வேன்.

நம் நிரலில் இருக்கும் நான்கு பெயர்களையும் இப்படி எடைபோடலாம். `f` திறந்திருப்பது ஒரே கோப்பு, பத்து வரிக்குள் வாழ்ந்து முடிகிறது, அதை விட்டுவிடலாம். `a` வாசிக்கப்படுகிறது, பிறகு பயன்படவே இல்லை. அதற்கு `account_no` என்று பெயர் வைத்துப் பாருங்கள்: பிழைச் செய்தியில் எந்தக் கணக்கு என்று சொல்ல இது உதவுமே என்று உடனே தோன்றும். `n` உண்மையிலேயே தவறான வழியைக் காட்டுகிறது. சி நிரல்களில் `n` என்றால் மொத்த எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்வது பழக்கம். இங்கே அது குறைந்த இருப்புள்ளவர்களின் எண்ணிக்கை. பிறகு யாராவது சராசரி கணக்கிட வந்தால் இந்த `n`-ஆல் வகுத்துவிடுவார்கள். பெயரே இல்லாத ஐந்தாவது ஒன்றும் இருக்கிறது: அந்த 1000. வங்கி வரம்பை மாற்றினால் எதை மாற்றுவது என்று தேட வேண்டும்; அது `MIN_BALANCE` ஆக வேண்டும்.

மிச்சமிருப்பது `b`. இரண்டு குறைகளும் ஒன்றுதான் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுவே காரணம். அதை `balance` என்று மாற்றிவிட்டால் போதுமா? போதாது. `fscanf` 2 என்று திருப்பி அனுப்பிய சுற்றில்தான் அந்த மாறியில் இந்தக் கணக்கின் இருப்பு இருக்கிறது. `EOF` என்றோ 0 என்றோ வந்த சுற்றில் அதில் இருப்பது முந்தைய கணக்கின் இருப்பு, அல்லது குப்பை. பெயரை மட்டும் திருத்தி, சோதனையை விட்டுவிட்டால் நிரல் முன்பைவிட நம்பகமானதுபோலத் தோன்றும், தவறு அப்படியே இருக்கும். பெயர் சொல்வது மெய்யா என்பதைத் திரும்பும் மதிப்புதான் உறுதிசெய்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. திரும்பும் மதிப்பைச் சோதித்தாலும் ஃபங்ஷனின் பெயர் தெளிவாக இல்லாவிட்டால் சோதனையே தலைகீழாகிவிடும். சில மாணவர்கள் ஒப்பீட்டைத் தனியே பிரித்து எழுதுவார்கள்:

```c
int check(float b) {
    if (b < 1000)
        return 0;
    return 1;
}
```

`main`-இல் `if (check(b)) n++;` என்று எழுதியதும் எண்ணிக்கை தலைகீழாகிவிடுகிறது. எழுதியவர் மனத்தில் "செக்" என்றால் தேறியதா என்று. அழைத்த இடத்தில் அவருக்கே அது சிக்கியதா என்று தோன்றிவிட்டது. `is_below_minimum` என்று பெயர் வைத்திருந்தால் 0, 1 இரண்டில் எது எதற்கு என்ற கேள்வியே எழாது. கெர்னலின் நடைக் கையேட்டில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. பெயர் ஒரு செயலைக் கட்டளையிடுவதாக இருந்தால் அந்த ஃபங்ஷன் வெற்றிக்கு 0, தோல்விக்கு எதிர்மறை எண் தர வேண்டும். பெயர் ஆமா இல்லையா என்று கேட்பதாக இருந்தால் 1 அல்லது 0 தர வேண்டும். திரும்பும் மதிப்பை எப்படிப் படிப்பது என்பதைப் பெயரிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இந்தத் தெளிவு இல்லாமல் நடந்த விபத்தும் உண்டு. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில், டிஜிட்டல் கையொப்பம் சரியா என்று பார்க்கும் `EVP_VerifyFinal` மூன்று விதமாகப் பதில் சொல்லும்: சரி என்றால் 1, தவறு என்றால் 0, சோதிக்கவே முடியவில்லை என்றால் -1. அதை அழைத்த சில இடங்களில் 0 மட்டுமே தோல்வி என்று எழுதப்பட்டிருந்தது. சியில் 0 அல்லாத எதுவும் உண்மை. ஆகவே -1 வெற்றியாகக் கடந்துபோனது. குறிப்பிட்ட வகையில் சிதைத்த கையொப்பத்தைக் காட்டி ஒரு போலித் தளம் தன்னை அசல் என்று ஏற்கச் செய்ய முடிந்தது. 2009 ஜனவரியில் இது சரிசெய்யப்பட்டது. திரும்பும் மதிப்பைப் பார்க்கவில்லை என்று யாரும் இங்கே குறைகூற முடியாது. பார்த்தார்கள், தவறாகப் பார்த்தார்கள்.

இப்போது கருத்தை எழுதும் முறைக்கு வரலாம். கோட் ரிவ்யூவில் என்ன வகைக் குறைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன என்று மன்டுலாவும் லாசெனியசும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தொழிற்துறை ரிவ்யூக்களோடு மாணவர்களின் ரிவ்யூக்களும் எடுத்துக்கொள்ளப்பட்டன. கிடைத்த குறைகளில் 75 விழுக்காடு, நிரலின் வெளிப்படையான செயல்பாட்டைப் பாதிக்காதவை. அதாவது பெயர், அமைப்பு, படிக்கும் வசதி சார்ந்தவை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, சக மாணவர் எழுதும் கருத்தில் பெயர் பற்றிய குறிப்புகளே எண்ணிக்கையில் மிகும் என்பதை. அவற்றின் நடுவே `feof` போன்ற உண்மையான பிழை ஒன்று கலந்துவிட்டால் எழுதியவர் அதையும் ரசனை சார்ந்த ஆலோசனையாக எடுத்துக்கொள்வார். ஆகவே விடையை மாற்றுவது எது, படிப்பதை எளிதாக்குவது எது என்று பிரித்து எழுதுவது கட்டாயம்.

பெயரைப் பொறுத்தவரை இன்னொரு எச்சரிக்கை. ஒரே பொருளுக்கு இரண்டு நிரலாளர்கள் ஒரே பெயரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று டிரோர் ஃபைடெல்சனின் குழு அளந்து பார்த்தது. இடைநிலை மதிப்பு 6.9 விழுக்காடுதான். ஆகவே "இதற்கு இந்தப் பெயரை வை" என்று எழுதினால் அது பெரும்பாலும் எழுதுபவரின் விருப்பம் மட்டுமே. "இதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், அது தவறாகிவிட்டது" என்று எழுதினால் அது சான்று. படித்தவர் ஒருவர் தடுமாறினார் என்பதை எழுதியவர் மறுக்க முடியாது.

இந்த நிரலுக்கு நான் எதிர்பார்க்கும் கருத்து ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வரி 7, 8: கோப்பின் கடைசியில் ஒரு என்டர் தட்டிச் சேமித்துவிட்டு ஓட்டிப் பார். எனக்கு 2-க்குப் பதில் 3 வருகிறது. கடைசி `fscanf` `EOF` தருகிறது, ஆனால் `b`-இல் பழைய 610 இருப்பதால் 104 இரண்டு முறை எண்ணப்படுகிறது. `feof`-ஐ எடுத்துவிட்டு `fscanf`-இன் திரும்பும் மதிப்பு 2-ஆ என்று லூப்பிலேயே பார்த்தால் சரியாகிவிடும். இதைத் திருத்தியே ஆக வேண்டும். வரி 6: `acc.txt` இல்லாத ஃபோல்டரில் ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட். `NULL`-ஆ என்று பார்த்து `perror` போடு. இதுவும் கட்டாயம். வரி 4: `n` என்றதும் மொத்தக் கணக்குகள் என்று நினைத்துவிட்டேன், அச்சிட்ட விடை 4 வரும் என்று எதிர்பார்த்தேன். எதை எண்ணுகிறது என்பது பெயரில் இருந்தால் நல்லது. வரி 9: 1000-க்கும் ஒரு பெயர் கொடுக்கலாம். இவை இரண்டும் உன் விருப்பம்."

இதில் ஒவ்வொரு குறிப்பிலும் வரி எண் இருக்கிறது. மறுபடி செய்து பார்க்கக்கூடிய உள்ளீடு இருக்கிறது, வந்த விடையும் வர வேண்டிய விடையும் இருக்கின்றன. "நீ கவனிக்கவில்லை" என்ற சொல் எங்கும் இல்லை. நிரலைப் பற்றித்தான் பேச்சு. சொல்லாமல் விட்டதும் உண்டு. பணத்துக்கு `float` பொருந்தாது என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் இந்தப் பயிற்சியின் பாடம் கோப்பு வாசிப்பு. அது இன்னொரு நாளுக்கு உரியது.

இந்தக் கருத்தை ஏற்றுத் திருத்தினால் நிரலின் நடுப்பகுதி இப்படி ஆகும்:

```c
while ((fields = fscanf(f, "%d %f",
                        &account_no, &balance)) == 2) {
    if (balance < MIN_BALANCE)
        low_count++;
}
if (fields != EOF || ferror(f)) {
    fprintf(stderr, "bad record after account %d\n",
            account_no);
    return 1;
}
```

`account_no`-வை 0 என்று தொடங்கிவைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் பதிவே கெட்டிருக்கும்போது பிழைச் செய்தியில் குப்பை எண் வரும். என்டர் பிரச்சினை, காலிக் கோப்பு, முடிவில்லாத லூப் மூன்றும் இதோடு தீர்ந்துவிடுகின்றன. ஆனால் காற்புள்ளிக் கோப்பை மறுபடி ஓட்டிப் பாருங்கள். 1,500.00 உள்ள வரியில் `fscanf` 103-ஐயும் 1-ஐயும் வாசித்து 2 என்று வெற்றியாகவே சொல்கிறது. கோளாறு அடுத்த அழைப்பில்தான் தெரிகிறது. அதற்குள் `low_count` ஒன்று தவறாகக் கூடியிருக்கும். நிரல் விடை சொல்லாமல் நின்றுவிடுவதால்தான் தப்பிக்கிறோம். இரண்டு எண்கள் கிடைத்தன என்பதை மட்டுமே திரும்பும் மதிப்பு சொல்லும். அவை நாம் நினைத்த எண்களா என்பதை அது சொல்லாது. அதற்கு `fgets` கொண்டு வரி வரியாக வாசித்து, `sscanf`-இல் `"%d %f %c"` என்று கொடுத்து, விடை சரியாக 2-ஆ என்று பார்க்க வேண்டும். வரியில் மிச்சம் ஏதாவது இருந்தால் 3 என்று வந்து காட்டிக்கொடுத்துவிடும். வரி எண்ணையும் கையோடு சொல்லலாம்.

ஆய்வகப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பயிற்சியைக் கொடுக்கும்போது ஒரு கோப்புக்குப் பதில் ஐந்து கோப்புகளைக் கொடுங்கள்: கடைசியில் என்டர் உள்ளது, இல்லாதது, காலியானது, காற்புள்ளி உள்ளது, இல்லவே இல்லாத கோப்பின் பெயர். மாணவர்கள் தங்கள் நிரலை விட்டுவிட்டு, பக்கத்து இருக்கை நிரலை இந்த ஐந்திலும் ஓட்டி, வந்ததை அப்படியே கருத்தாக எழுதட்டும். வைவாவில் அந்தக் கருத்துக்கும் மதிப்பெண் கொடுங்கள்.